டேலி ஆகியும் தப்பான விடை: ஃபிஃபோ, நிறையிட்ட சராசரிக் கணக்கு ஒன்றைப் பிரித்துப் பார்த்தால்

அடக்கவிலைக் கணக்கில் விடை சரியா என்று எப்படிப் பார்ப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: மொத்தம் டேலி ஆகிறதா என்று பார்ப்போம். உள்ளே வந்த செலவும் வெளியே போன செலவும் ஒன்றாக இருந்தால் நிம்மதியாக அடியில் இரட்டைக் கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். செயல்முறை அடக்கக் கணக்கில், அதிலும் மாத ஆரம்பத்திலேயே பாதி வேலை முடிந்த சரக்கு கிடக்கும் கணக்கில், அந்த டேலிக்குப் பெரிய மதிப்பு கிடையாது. கீழே வரும் ஒரு மாணவரின் விடைத்தாளில் ஃபிஃபோ, நிறையிட்ட சராசரி என்ற இரண்டு முறைகளும் ரூபாய் சுத்தமாக டேலி ஆகின்றன. ஆனால் இரண்டுமே தப்பு.

முதலில் கேள்வி. ஒரே செயல்முறை, ஒரு மாதம், சேதாரம் எதுவும் இல்லை. மாத ஆரம்பத்தில் 2,000 அலகுகள் முடியாமல் இருக்கின்றன. அவற்றுக்கு மூலப்பொருள் முழுவதும் போட்டாகிவிட்டது. மாற்றுச் செலவு, அதாவது கூலியும் மேற்செலவும், 30% அளவுக்குத்தான் ஆகியிருக்கிறது. அவற்றின் மேல் போன மாதம் ஏறிய செலவு பொருளுக்கு ரூ. 36,000, மாற்றுச் செலவுக்கு ரூ. 7,920. இந்த மாதம் 10,000 அலகுகள் புதிதாகத் தொடங்கப்படுகின்றன. இந்த மாதச் செலவு பொருளுக்கு ரூ. 2,10,000, மாற்றுச் செலவுக்கு ரூ. 1,53,000. மாதக் கடைசியில் 3,000 அலகுகள் மிச்சம். அவற்றுக்கும் பொருள் முழுவதும் போட்டாகிவிட்டது, மாற்றுச் செலவு 60% ஆகியிருக்கிறது. முடிந்து வெளியேறியவை 9,000. கேட்டிருப்பது, முடிந்த சரக்கின் மதிப்பும் இறுதியில் மிஞ்சிய முடிவுறா அலகுகளின் மதிப்பும், இரண்டு முறைகளிலும். ஃபிஃபோ பழைய வேலையைப் பழைய விலைக்கே விட்டுவிட்டு இந்த மாத வேலைக்குத் தனி வீதம் எடுக்கும்; நிறையிட்ட சராசரி பழைய வேலையையும் புதிய வேலையையும் செலவோடு சேர்த்து ஒரே வீதம் எடுக்கும்.

மொத்தச் செலவு எவ்வளவு என்பதில் குழப்பமில்லை. பழையது 43,920, புதியது 3,63,000, ஆக 4,06,920. எந்த முறையில் போட்டாலும் இந்தத் தொகைதான் இரண்டாகப் பிரிய வேண்டும்.

இப்போது விடைத்தாளுக்கு வருவோம். ஃபிஃபோ முறையில் மாணவர் பொருளுக்கான சமான அலகுகளை, அதாவது பாதி முடிந்தவற்றை முழு அலகுகளாக மாற்றி எண்ணிய எண்ணிக்கையை, சரியாக 10,000 என்று எடுத்துவிட்டார். தொடக்க அலகுகளுக்கு இந்த மாதம் பொருள் எதுவும் போடவில்லை, இந்த மாதமே தொடங்கி இந்த மாதமே முடிந்தவை 7,000, இறுதியில் மிஞ்சியவை 3,000. வீதம் ரூ. 21. அதுவரை சரி. மாற்றுச் செலவுக்கு வரும்போது தொடக்க அலகுகளுக்கு 2,000-இல் 30% என்று 600 போட்டு, 7,000-ஐயும், 3,000-இல் 60% ஆன 1,800-ஐயும் சேர்த்து 9,400 என்று எழுதியிருக்கிறார். 1,53,000-ஐ 9,400-ஆல் வகுத்தால் 16.2766. அதை வைத்துத் தொடக்க அலகுகளுக்கு 43,920-உடன் 9,765.96, இந்த மாதமே முடிந்த 7,000-க்கு 2,60,936.17, இறுதி அலகுகளுக்கு 92,297.87. கூட்டினால் 4,06,920. பைசா பிசகவில்லை.

தப்பு எங்கே என்று பார்த்தவுடன் தெரிந்திருக்கும். கேள்வியில் உள்ள 30% என்பது போன மாதமே முடிந்த வேலை. ஃபிஃபோ கேட்பது இந்த மாதம் செய்த வேலையை மட்டும், அதாவது மிச்சம் 70%, 1,400 சமான அலகுகள். ஆக 1,400, 7,000, 1,800 சேர்ந்து 10,200, வீதம் ரூ. 15. இந்தப் பாடத்திலேயே அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். அதற்குக் காரணமும் இருக்கிறது: இறுதி அலகுகளுக்குக் கேள்வியில் கொடுத்த சதவீதத்தை அப்படியே எடுக்கிறோம், தொடக்க அலகுகளுக்கு மட்டும் அதை 100-இலிருந்து கழித்து எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே கேள்வியில் ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு எண்கள், கையாளும் விதம் மட்டும் வேறு. கை பழக்கத்தில் போய்விடும்.

"சார், டேலி ஆகுதே, அப்புறம் எப்படி சார் தப்பு?" என்று கேட்கத்தான் செய்வார்கள். நியாயமான கேள்விதான். பதில் இதுதான்: வீதத்தைக் கண்டுபிடிக்க எந்த அலகுகளால் வகுத்தோமோ, செலவைப் பிரித்துக் கொடுக்கும்போது அதே அலகுகளால்தான் பெருக்குகிறோம். 1,53,000-ஐ 9,400-ஆல் வகுத்துவிட்டு, பிறகு 600, 7,000, 1,800 என்று அதே 9,400-ஆல் பெருக்கினால் 1,53,000 திரும்பி வராமல் எங்கே போகும்? 9,400-க்குப் பதில் 5,000 என்று எழுதியிருந்தாலும், 50,000 என்று எழுதியிருந்தாலும், பிரிக்கும்போதும் அதையே வைத்துக்கொண்டால் டேலி ஆகும். செலவு எதுவும் நடுவில் தொலையவில்லை, இரண்டு முறை ஏறவில்லை என்பதைத்தான் அந்தச் சோதனை சொல்கிறது. அலகுகளை எண்ணியது சரியா என்பது அதன் கண்ணில் படாத விஷயம்.

அடுத்து நிறையிட்ட சராசரி. இங்கே சமான அலகுகள் இரண்டும் சரியாக வந்திருக்கின்றன: பொருளுக்கு 9,000-உம் 3,000-உம் சேர்ந்து 12,000, மாற்றுச் செலவுக்கு 9,000-உம் 1,800-உம் சேர்ந்து 10,800. ஆனால் மேலே வகுபடும் தொகையில் இந்த மாதச் செலவை மட்டும் வைத்துவிட்டார். பொருள் 2,10,000-ஐ 12,000-ஆல் வகுத்து 17.50, மாற்றுச் செலவு 1,53,000-ஐ 10,800-ஆல் வகுத்து சுமார் 14.17. முழுத் தசமத்துடன் பெருக்கினால் முடிந்த சரக்கு 2,85,000, இறுதி அலகுகள் 78,000, மொத்தம் 3,63,000. இங்கே டேலி ஆகவில்லை, 43,920 இடிக்கிறது. அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? இடிக்கும் தொகை தொடக்கச் செலவாகவே இருக்கிறதே என்று பார்த்து, முடிந்த சரக்கின் கீழே "கூட்டுக: தொடக்கச் செலவு 43,920" என்று ஒரு வரி எழுதி 3,28,920 ஆக்கிவிட்டார். இப்போது மொத்தம் 4,06,920.

இதை ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். ஃபிஃபோவில் அப்படி ஒரு வரி உண்மையிலேயே வருகிறது, அதைப் பத்து நிமிடத்துக்கு முன்தான் எழுதியிருக்கிறார், அதனால் இங்கேயும் அது பொருந்துவது போலத் தெரிந்திருக்கிறது. ஆனால் நிறையிட்ட சராசரியில் பழைய செலவு தனி வரியாக வரவே கூடாது. கீழே வகுக்கும் 12,000 அலகுகளில் பழைய 2,000-மும் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் மேலே அவற்றின் ரூ. 36,000-மும் இருந்தாக வேண்டும். சரியான வீதம் 2,46,000-ஐ 12,000-ஆல் வகுத்து ரூ. 20.50. மாற்றுச் செலவு 1,60,920-ஐ 10,800-ஆல் வகுத்து ரூ. 14.90.

சரியான விடைகளை ஒரு தடவை எழுதிவிடுகிறேன், பின்னால் ஒப்பிடத் தேவைப்படும்.

ஃபிஃபோவில் தொடக்க 2,000 அலகுகளின் மதிப்பு 43,920-உடன் 1,400-ஐ 15-ஆல் பெருக்கிய 21,000 சேர்ந்து 64,920. இந்த மாதமே தொடங்கி முடிந்த 7,000 அலகுகள், ஒன்று ரூ. 36 வீதம், 2,52,000. முடிந்த சரக்கு மொத்தம் 3,16,920. இறுதி அலகுகள்: பொருள் 63,000, மாற்றுச் செலவு 27,000, ஆக 90,000.

நிறையிட்ட சராசரியில் முடிந்த 9,000 அலகுகள், ஒன்று ரூ. 35.40 வீதம், 3,18,600. இறுதி அலகுகள்: பொருள் 61,500, மாற்றுச் செலவு 26,820, ஆக 88,320.

மாணவரின் இறுதி மதிப்பு ஃபிஃபோவில் கிட்டத்தட்ட 2,298 கூடுதலாகவும் சராசரியில் 10,320 குறைவாகவும் இருக்கிறது. முடிந்த சரக்கில் அதே தொகை எதிர்ப்பக்கமாக. ஒரு பக்கத் தப்பை இன்னொரு பக்கத் தப்பு மூடிவிடுவதால் மொத்தம் வாயே திறப்பதில்லை.

சரி, எதை வைத்துத்தான் கண்டுபிடிப்பது? நான் முதலில் பார்க்கச் சொல்வது இரண்டு முறைகளின் சமான அலகுகளுக்கு நடுவே உள்ள வித்தியாசத்தை. நிறையிட்ட சராசரி, போன மாதம் செய்த வேலையையும் இந்த மாத வேலையையும் சேர்த்து எண்ணுகிறது. ஃபிஃபோ இந்த மாத வேலையை மட்டும் எண்ணுகிறது. அப்படியென்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் போன மாதம் செய்த வேலையாக மட்டுமே இருக்க முடியும், வேறு எதுவும் அதில் நுழைய வழியில்லை.

```
சராசரி சமான அலகுகள் − ஃபிஃபோ சமான அலகுகள்
        = தொடக்க அலகுகள் × போன மாதமே முடிந்த சதவீதம்

பொருள்:          12,000 − 10,000 = 2,000   (2,000 × 100%)
மாற்றுச் செலவு:  10,800 − 10,200 =   600   (2,000 × 30%)
```

மாணவரின் 9,400-ஐ இதில் வைத்துப் பாருங்கள். 10,800-இலிருந்து 9,400 போனால் 1,400. வர வேண்டியது 600. அடுத்த நொடியே தெரிந்துவிடும், அதுவும் வந்திருக்கும் 1,400 என்ற எண்ணே 70%-ஐ இடம் மாற்றி வைத்துவிட்டோம் என்று காட்டிக்கொடுத்துவிடும். கேள்வியில் ஃபிஃபோ மட்டும் கேட்டிருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யலாம்; சராசரியின் சமான அலகுகள் என்பது முடிந்தவை கூட்டல் இறுதி அலகுகளின் சமானம், அவ்வளவுதான். ஓரத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.

இதே சோதனையில் இன்னொரு பழைய தப்பும் மாட்டும். சிலர் ஃபிஃபோவில் தொடக்க அலகுகளுக்கு 1,400 என்று சரியாகப் போட்டுவிட்டு, அடுத்த வரியில் முடிந்தவை 7,000 என்பதற்குப் பதில் 9,000 என்று எழுதிவிடுவார்கள். அந்த 9,000-க்குள் தொடக்க 2,000-மும் இருக்கிறது என்பது மறந்துபோகிறது. 1,400, 9,000, 1,800 சேர்ந்து 12,200 வரும். ஃபிஃபோவின் எண்ணிக்கை சராசரியின் 10,800-ஐத் தாண்டிவிட்டது. அப்படி நடக்கவே முடியாது. அதிகபட்சம் இரண்டும் சமமாக இருக்கலாம். இதையும் டேலி பிடிக்காது, பெருக்கும்போதும் 9,000-ஐயே வைத்துக்கொண்டால். வெறும் அலகுகளின் கணக்கு பிடிக்கும்: உள்ளே 2,000-மும் 10,000-மும் சேர்ந்து 12,000, விடைத்தாளின் வரிகளில் 2,000, 9,000, 3,000 சேர்ந்து 14,000. இரண்டாயிரம் அலகுகள் வானத்திலிருந்து விழவில்லையே.

அலகுகள் சரியாகிவிட்டன என்று தெரிந்த பிறகு வீதத்தைப் பார்க்க வேண்டும். இதற்கு மூன்று எண்கள் வேண்டும். போன மாத வீதம், இந்த மாத வீதம் (அதுதான் ஃபிஃபோ வீதம்), சராசரி வீதம். போன மாத வீதத்தைக் கேள்வியில் நேராகக் கொடுக்க மாட்டார்கள், நாமே எடுக்க வேண்டும்: பொருளுக்கு 36,000-ஐ 2,000-ஆல் வகுத்து 18, மாற்றுச் செலவுக்கு 7,920-ஐ 600-ஆல் வகுத்து 13.20. சராசரி என்ற சொல்லே சொல்வது போல, அந்த வீதம் மற்ற இரண்டுக்கும் நடுவில்தான் விழ வேண்டும். பொருளுக்கு 18-க்கும் 21-க்கும் நடுவே 20.50, சரி. மாற்றுச் செலவுக்கு 13.20-க்கும் 15-க்கும் நடுவே 14.90, சரி. மாணவர் எழுதிய 17.50 இரண்டுக்கும் கீழே போய்விட்டது. போன மாதம் 18, இந்த மாதம் 21, ஆனால் சராசரி 17.50 என்றால் அது எப்படி?

ஆனால் அவருடைய 14.17-ஐப் பாருங்கள். அது 13.20-க்கும் 15-க்கும் நடுவில்தான் இருக்கிறது. தப்பான விடை, சோதனையில் தப்பித்துவிட்டது. அதனால் "நடுவில் இருக்கிறதா" என்பதோடு நிறுத்தாமல் "எதன் பக்கத்தில் இருக்கிறது" என்றும் கேட்க வேண்டும். நிறையிட்ட என்று பெயர் வைத்ததே அதற்குத்தான். மொத்தம் 10,800 சமான அலகுகளில் பழையவை 600, அதாவது பதினெட்டில் ஒரு பங்கு. ஆகவே சராசரி இந்த மாத வீதத்திலிருந்து பதினெட்டில் ஒரு பங்கு மட்டுமே பழைய வீதத்தை நோக்கி நகர வேண்டும். இரண்டு வீதங்களுக்கும் வித்தியாசம் 1.80, அதில் பதினெட்டில் ஒரு பங்கு 0.10, ஆக 14.90. பொருளுக்குப் பழையது 12,000-இல் 2,000, ஆறில் ஒரு பங்கு. வித்தியாசம் 3, ஆறில் ஒரு பங்கு 0.50, ஆக 20.50. இப்படிப் பார்த்தால் 14.17 கிட்டத்தட்ட நடுப்புள்ளியில் போய் நிற்பது உறுத்தும்.

இந்தக் கணக்குக்கு இன்னொரு பயனும் உண்டு. 13.20-ஐ யாரும் கேட்கவில்லை, மதிப்பெண்ணும் கிடையாது, ஆனாலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி சில சமயம் "தொடக்க அலகுகளில் 70% வேலை பாக்கி" என்று திருப்பிப் போட்டுக் கொடுப்பார்கள். அவசரத்தில் 70% முடிந்தது என்று படித்துவிட்டால் தொடக்க அலகுகளின் சமானம் 1,400 என்றும், ஃபிஃபோவுக்கு மிச்சம் 600 என்றும் போடுவோம். மேலே சொன்ன வித்தியாசச் சோதனை அப்போது சரியாகவே வரும்: 10,800-இலிருந்து 9,400 போனால் 1,400, நாம் நினைத்திருப்பதும் 1,400. டேலியும் ஆகும். சராசரி முறையில் தொடக்க அலகுகளின் சதவீதமே தேவையில்லை என்பதால் அங்கேயும் எதுவும் தெரியாது. தப்பு கேள்வியைப் படித்ததில் நடந்திருக்கிறது, அதற்குப் பின் எல்லாமே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறது. அப்போது கைகொடுப்பது பழைய வீதம்தான்: 7,920-ஐ 1,400-ஆல் வகுத்தால் 5.66. இந்த மாதம் 16 ரூபாய்க்கு மேல் ஆகும் வேலைக்குப் போன மாதம் 5.66 தானா? ஒரே மாதத்தில் கூலியும் மேற்செலவும் மூன்று மடங்கு ஆகியிருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன், தேர்வுக் கேள்வியில் எண்களை இஷ்டத்துக்குப் போடுகிறவர்களும் உண்டு. ஆகவே இதைச் சந்தேகம் என்று வைத்துக்கொண்டு, கேள்வியின் அந்த வரியை மட்டும் மறுபடி படியுங்கள்.

டேலி ஆகாத விடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே இடிக்கும் தொகையே பெரும்பாலும் தப்பின் பெயரைச் சொல்லிவிடும். இந்தக் கணக்கில் அடிக்கடி வரும் இடிப்புகள் இரண்டு.

43,920 இடித்தால் தொடக்கச் செலவு ஒரு முறை விட்டுப்போயிருக்கிறது அல்லது இரண்டு முறை ஏறியிருக்கிறது. விட்டுப்போனதை மேலே பார்த்தோம். இரண்டு முறை ஏறுவது ஃபிஃபோவில்: வீதம் எடுக்கும்போதே 2,46,000-ஐ 10,000-ஆல் வகுத்து 24.60 என்று பழைய பொருள் செலவையும் சேர்த்துவிடுவார்கள், மாற்றுச் செலவுக்கும் அப்படியே, பிறகு தொடக்க அலகுகளின் வரியில் 43,920-ஐ மறுபடி கூட்டுவார்கள். மொத்தம் 4,50,840 வந்து நிற்கும். இதில் ஆபத்தானது, ஏதோ இடிக்கிறதே என்று அந்த 43,920 வரியை அடித்துவிட்டு டேலி செய்துவிடுவது. அடிக்க வேண்டியது அதை அல்ல, வீதத்தில் சேர்த்ததை. 24.60 என்பது 18-ஐயும் 21-ஐயும் தாண்டிவிட்டது என்பதைக் கவனித்தால் எந்தப் பக்கம் தப்பு என்று தெரிந்துவிடும்.

7,080 இடித்தால் ஃபிஃபோவில் முடிந்த 9,000 அலகுகளையும் புதிய வீதமான ரூ. 36-க்கே போட்டிருக்கிறார்கள்: 3,24,000-உடன் இறுதி அலகுகள் 90,000 சேர்ந்து 4,14,000. இந்த 7,080 எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. தொடக்க 2,000 அலகுகளில் பொருள் 18-க்கு வாங்கியது, 21 என்று போட்டதால் 6,000 கூடுதல். போன மாதமே முடிந்த 600 சமான அலகுகளின் மாற்றுச் செலவு 13.20, அதை 15 என்று போட்டதால் 1,080 கூடுதல். இரண்டும் சேர்ந்து 7,080, ஒரு ரூபாய் பாக்கியில்லை. பழைய வேலையைப் பழைய விலைக்கே விட்டுவிடுவதுதான் ஃபிஃபோ என்பதை இந்த இரண்டு வரி காட்டுவது போல எந்த வரையறையும் காட்டாது.

முழுமையாக்கல் பற்றி ஒரு வார்த்தை. இடிக்கும் தொகை எதுவாக இருந்தாலும் "தசமத்தை முழுமையாக்கியதால் வந்த வித்தியாசம்" என்று எழுதித் தள்ளிவிடும் வழக்கம் இருக்கிறது. எவ்வளவு வரை அப்படிச் சொல்லலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. வீதத்தை இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கினால் ஓர் அலகுக்கு அரைப் பைசாவுக்கு மேல் பிசக முடியாது. 10,200 அலகுகளுக்கு அரைப் பைசா என்றால் ரூ. 51. அதைத் தாண்டி மாற்றுச் செலவில் எவ்வளவு இடித்தாலும் தசமத்தின் மேல் பழி போட முடியாது. நான்கு தசமம் வைத்துக்கொண்டால் அந்த எல்லை அரை ரூபாய்க்குப் பக்கத்தில் வந்துவிடும். கால்குலேட்டரின் நினைவில் வீதத்தை வைத்துக்கொண்டு பெருக்கினால் அதுவும் வேண்டாம்.

கேள்வியை லேசாக மாற்றினால் என்ன ஆகும் என்பதில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றவை இதே வழியில் போகும். பொருள் ஆரம்பத்தில் போடப்படுவதில்லை, வேலை 50% ஆனதும் மொத்தமாகப் போடப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாற்றுச் செலவில் 30% நிலையில் நிற்கும் தொடக்க அலகுகளுக்குப் பொருள் இன்னும் வந்தே சேரவில்லை, அதாவது பொருளில் அவை 0%. 60%-இல் நிற்கும் இறுதி அலகுகள் அந்த இடத்தைத் தாண்டிவிட்டன, பொருளில் அவை 100%. ஃபிஃபோவில் பொருளுக்கான சமான அலகுகள் இப்போது 2,000, 7,000, 3,000 சேர்ந்து 12,000, சராசரியிலும் 12,000. வித்தியாசம் பூஜ்யம், போன மாதம் பொருள் எதுவும் போடவில்லை என்பதால் அப்படித்தான் வர வேண்டும். இந்த மாதிரிக் கேள்வியில் மாணவர்கள் செய்வது, 30%, 60% என்ற எண்களைப் பார்த்தவுடன் பொருளுக்கும் அதையே போடுவது. பொருளுக்குச் சதவீதம் கிடையாது இங்கே. போட்டாயிற்றா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. சரிபார்க்கவும் வழி இருக்கிறது: தொடக்கச் செலவில் பொருளுக்கென்று ஒரு தொகை கொடுத்திருந்தால் பொருள் 0% என்று நீங்கள் எழுதியது தப்பு, எதுவும் கொடுக்காமல் இருந்தால் 100% என்று எழுதியது தப்பு.

இயல்பு நட்டம், அசாதாரண நட்டம் வரும் கணக்குகளில் அலகுகளின் கணக்கில் நட்டத்துக்கும் ஒரு வரி வேண்டும், இயல்பு நட்டத்தின் கழிவை விற்று வரும் தொகையை வீதம் எடுக்கும் முன்பே பொருள் செலவிலிருந்து கழிக்க வேண்டும். நட்டத்தை இரண்டு முறையிலும் ஒரே மாதிரி நடத்தியிருந்தால் வித்தியாசச் சோதனை அங்கேயும் அப்படியே செல்லும், ஏனென்றால் நட்டத்தின் சமான அலகுகள் இரண்டு பக்கமும் இருந்து கழிந்துபோகும்.

இரண்டு முறைகளையும் ஒரே கேள்வியில் கேட்டிருந்தால் கடைசியாக ஒன்று பார்க்கலாம். இறுதி அலகுகளின் மதிப்பு ஃபிஃபோவில் 90,000, சராசரியில் 88,320, வித்தியாசம் 1,680. இது தானாக வந்த எண் இல்லை. இறுதி அலகுகளில் பொருளின் சமானம் 3,000, வீத வித்தியாசம் 0.50, ஆக 1,500. மாற்றுச் செலவின் சமானம் 1,800, வீத வித்தியாசம் 0.10, ஆக 180. முடிந்த சரக்கில் பாருங்கள், 3,16,920-க்கும் 3,18,600-க்கும் நடுவே அதே 1,680, எதிர்த்திசையில். இந்த மாதம் வீதம் ஏறியிருக்கிறது, அதனால் ஃபிஃபோவின் இறுதி மதிப்பு கூடுதலாக வந்தது; வீதம் இறங்கிய மாதமாக இருந்தால் சராசரியின் இறுதி மதிப்புதான் கூடுதலாக வரும். பொருள் ஏறி, மாற்றுச் செலவு இறங்கியிருந்தால் திசையை முன்கூட்டியே சொல்ல முடியாது, இரண்டு வரிகளையும் தனித்தனியாகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். மாணவரின் விடைத்தாளில் இந்த வித்தியாசம் 92,297.87-க்கும் 78,000-க்கும் நடுவே பதினாலாயிரத்துக்கு மேல் நிற்கிறது. வீதங்கள் பொருளில் மூன்று ரூபாயும் மாற்றுச் செலவில் ஒன்றே முக்கால் சொச்சமும் மட்டுமே நகர்ந்திருக்கும் ஒரு மாதத்தில், அதிலும் சராசரிக்குள் பழைய சரக்கின் பங்கு ஆறில் ஒன்றும் பதினெட்டில் ஒன்றுமாக இருக்கும்போது, 3,000 அலகுகளின் மதிப்பில் அவ்வளவு பெரிய இடைவெளி வர வழியே இல்லை.